வெள்ளையா, சிவப்பா, பனையா: படத்தைப் பார்த்துச் சீனி வாங்கலாமா?

போன கிழமை கொட்டாஞ்சேனையில் இருக்கிற தங்கச்சி வாட்ஸ்அப்பில் ஐந்து படம் அனுப்பினாள். ஐந்தும் சீனி. கடைத் தராசில் கொட்டி வைத்த வெள்ளைச் சீனி, பொலித்தீன் பக்கெட்டில் சிவப்புச் சீனி, மண்நிறக் காகிதப் பையில் ‘ரோ சுகர்’ என்று எழுதின வெளிநாட்டுச் சாமான் ஒன்று, போத்தலில் பனைச் சீனி என்று ஒரு தூள், கடைசியாக வெள்ளவத்தையில் வாங்கக் கிடைக்கிற இந்திய நாட்டுச் சர்க்கரை. கீழே ஒரு குரல் செய்தி. “அக்கா, அம்மாவுக்குச் சீனி வருத்தம் எண்டு டொக்டர் சொன்னதுக்குப் பிறகு வெள்ளைச் சீனியை நிப்பாட்டிட்டன். இதில எது நல்லது? நிறம் கூடினதா பார்த்து வாங்கவா?”

நான் சில வருடம் உணவுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை செய்தவள். அங்கே வருகிற சீனி மாதிரிகளுக்கு நிறம், ஈரம், சுக்குரோசு அளவு பார்ப்பது என் அன்றாட வேலை. அதனால் அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள், பதில் தெரியாமலே வெள்ளைச் சீனியைவிடப் பல மடங்கு விலை கொடுத்தும் வாங்குகிறார்கள்.

முதலில் பெயரைச் சரிப்படுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தமிழிலேயே ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு சாமானைக் குறிக்கிறது. நாங்கள் சீனி என்பதை இந்தியாவில் பலர் சர்க்கரை என்பார்கள். யாழ்ப்பாணத்து வீட்டில் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுகிற மண்நிறச் சாமான். கொழும்பில் கருப்பட்டி கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் கித்துள் கருப்பட்டியை எடுத்துத் தருவார். அதே சொல்லைத் திருநெல்வேலிக்காரர் சொன்னால் அது பனையிலிருந்து வந்தது, அதை நாங்கள் பனங்கட்டி என்போம். ஆகவே இந்தியாவில் எடுத்த காணொளியில் “சர்க்கரையை விட்டுவிட்டுக் கருப்பட்டிக்கு மாறுங்கள்” என்று கேட்டுவிட்டு இங்கே கடைக்குப் போனால், சொன்னவர் நினைத்ததும் நீங்கள் வாங்கி வருவதும் இரண்டு வேறு மரம். நாட்டுச் சர்க்கரை என்பது கரும்புச் சாற்றைக் காய்ச்சித் தூளாக்கினது. நம்மூர்ச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் அது நெருங்கின சொந்தம். பனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். இந்த ஐந்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு சொல் போதும், அது பாகு. கரும்புச் சாற்றைச் சுண்ணாம்பு சேர்த்துத் தெளிய வைத்து, நீர் வற்றக் காய்ச்சினால், ஒரு கட்டத்தில் அதற்குள் சீனிப் பரல் விழத் தொடங்கும். அந்தப் பரல் கிட்டத்தட்டத் தனிச் சுக்குரோசு. பரலைச் சுற்றி நிற்கிற கறுத்த பிசுபிசுப்பான திரவம்தான் பாகு, ஆலைக்காரர் மொலாசிஸ் என்பார்கள். நிறம், மணம், அந்த இலேசான கைப்புக் கலந்த சுவை, கொஞ்சம் கல்சியம், பொட்டாசியம், இரும்பு எல்லாம் இருப்பது இந்தப் பாகில். பரலைவிட்டுப் பாகை எவ்வளவு பிரித்தார்கள், அல்லது பிரிக்கவே இல்லையா என்பதுதான் வெள்ளைக்கும் சிவப்புக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் உள்ள வித்தியாசம்.

ஆலையில் பரலும் பாகும் கலந்த கூழை, உடுப்புத் தோய்க்கிற இயந்திரம் கடைசியில் வேகமாய்ச் சுற்றித் தண்ணீரைப் பிழிகிற மாதிரி, ஓட்டை போட்ட கூடைக்குள் போட்டுச் சுழற்றுவார்கள். பாகு வெளியே தெறிக்கும், பரல் உள்ளே நிற்கும். அப்படி நின்ற பரலின் மேலே இன்னும் மெல்லிய பாகுப் படலம் ஒட்டியிருக்கும். அந்த நிலையில் நிறுத்தினால் அதுதான் ரோ சுகர். அதைத் திரும்பக் கரைத்து, வடிகட்டி, நிறம் நீக்கி, மறுபடி பரலாக்கினால் வெள்ளைச் சீனி. சுழற்றவே சுழற்றாமல் பாகோடு சேர்த்து வற்றக் காய்ச்சிக் கிண்டி உதிர்த்தால் நாட்டுச் சர்க்கரை, அச்சில் ஊற்றினால் வெல்லம்.

‘ரோ’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் பச்சையாக, காய்ச்சாமல் எடுத்தது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. காய்ச்சாமல் கரும்பிலிருந்து சீனிப் பரல் வராது. சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் ரோ சுகரை விளக்கும்போது, பகுதியளவு தூய்மையாக்கின சாற்றிலிருந்து வந்த, மேலே மொலாசிஸ் படலம் மூடின சுக்குரோசுப் பரல் என்றுதான் சொல்கிறது. அதே விளக்கத்தை வைத்துக்கொண்டு நம்மூர்ச் சிவப்புச் சீனியைப் பாருங்கள். மொனராகலை மாவட்டத்துப் பெல்வத்தை, செவனகல ஆலைகளிலும் அம்பாறை ஹிங்குரானையிலும் கரும்பு பிழிந்து எடுக்கிற சிவப்புச் சீனி இந்த வகைதான். பரலின் மேலேயிருந்த பாகு முழுதாய்க் கழுவப்படாமல் வருகிறது. தங்கச்சி அனுப்பின இரண்டாவது படமும் மூன்றாவது படமும், அதாவது பொலித்தீன் பக்கெட்டும் காகிதப் பையும், அடிப்படையில் ஒரே சாமான்தான். பரலின் பருமனும் சுத்தமும் பையும் வேறு. விலை மட்டும் எத்தனையோ மடங்கு. மண்நிறப் பை நம் கண்ணை எப்படி ஏமாற்றுகிறது என்று பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலையாய் இருக்கும்.

இப்போது படம். நிறத்தை வைத்துச் சீனியை ஒப்பிட முடியுமா என்றால், மிகக் குறைவாகத்தான் முடியும். இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். இரண்டு மேசைக்கரண்டி சிவப்புச் சீனியை எடுத்து, ஒரு கரண்டியை அப்படியே வெள்ளைத் தட்டில் வையுங்கள். மற்றதை மிக்சியில் பத்து விநாடி அடித்து அருகில் வையுங்கள். அரைத்தது பல படி வெளிறித் தெரியும். பாகு ஒரு துளியும் குறையவில்லை, ஆனால் பரல் சின்னதாக ஆக ஆக அது சிதறடிக்கிற வெளிச்சம் கூடும், கண்ணுக்கு வெளிறியதாகப் படும். அப்படியென்றால் பெரும்பரல் சிவப்புச் சீனியின் படத்தையும் மாப்போல இருக்கிற ஒன்றின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதில் பாகு கூட, அதில் குறைவு என்று சொன்னால் அது வெறும் ஊகம். இதோடு கடையின் மஞ்சள் மின்குமிழ், போன் கமரா தானாகச் செய்கிற நிறத் திருத்தம், தேன் நிறச் சாயம் ஏற்றின பொலித்தீன் எல்லாம் சேரும். தங்கச்சியின் முதல் படத்தில் வெள்ளைச் சீனியே இலேசான மஞ்சளாய்த்தான் இருந்தது, பின்னால் தெரிந்த தராசின் வெள்ளைத் தட்டும் அதே மஞ்சள். பக்கத்தில் நிச்சயமாய் வெள்ளை என்று தெரிந்த ஒரு பொருள் இல்லாத படத்தில் நிறத்தை நம்பவே வேண்டாம்.

நிறத்தைவிடப் படத்தில் பயன்படுகிறவை இரண்டு. ஒன்று பரலின் அளவு, அதற்குப் பக்கத்தில் ஒரு 5 ரூபாய்க் குற்றியை வைத்து எடுத்தால் போதும். மற்றது ஓட்டம். பக்கெட்டைச் சரித்துப் பிடித்துப் படம் எடுத்தால் வெள்ளைச் சீனி மணல் போலச் சரிந்து கிடக்கும், ஈரமான பாகுப் படலம் உள்ள சீனி ஒன்றோடொன்று ஒட்டி மேடாக நிற்கும். கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் திறந்து வைத்த சாமானில் இது இன்னும் கூடும், ஆகவே திறக்காத பக்கெட்டில்தான் பார்க்க வேண்டும். அப்புறம் நாட்டுச் சர்க்கரையில் தனிப் பரலே தெரியாது, ஈர மண் போலக் கட்டிகளும் தூளுமாக இருக்கும். அது ஏன் என்று இப்போது விளங்கும், பரலையும் பாகையும் யாரும் பிரிக்கவில்லையே.

சிவப்புச் சீனி என்று விற்பதில் இன்னொரு வகையும் உண்டு. முதலில் முழுதாய்ச் சுத்திகரித்து வெள்ளைச் சீனி ஆக்கிவிட்டு, பிறகு அதன் மேலே அளந்து மொலாசிஸ் பூசி எடுப்பார்கள். கேக் செய்கிறவர்கள் வாங்குகிற மெத்தென்ற ஈரமான பிரவுன் சீனி பல இப்படித்தான் வருகிறது. அதில் ஒரு தப்பும் இல்லை. பூசுகிறது உண்மையான மொலாசிஸ் என்றால் கேக்குக்கு அந்த ஈரமும் மணமும்தான் வேண்டும். ஆனால் அதைச் சுத்திகரிக்காதது என்று நினைத்து வாங்கினால் தவறு. மொலாசிஸ் கூட இல்லாமல் கரமல் நிறமூட்டி மட்டும் சேர்த்ததும் உண்டு, அதில் நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

பூசினதையும் பூசாததையும் எப்படிப் பிரித்து அறிவது? பலர் சொல்கிற வழி, தண்ணீரில் போட்டு நிறம் உடனே இறங்குகிறதா என்று பார்ப்பது. அந்தச் சோதனை பிழையானது. பாகு எல்லாச் சிவப்புச் சீனியிலும் வெளிப்படலமாகத்தான் அதிகம் இருக்கிறது, தண்ணீர் பட்டால் எதிலும் நிறம் முதலில் இறங்கும், பரலும் சேர்ந்து கரைந்துவிடும். சுத்திகரிப்பு ஆலையில் செய்கிற முதல் வேலையையே சின்னதாய் வீட்டில் செய்து பார்க்கலாம், அதுதான் நான் தங்கச்சிக்குச் சொன்ன வழி.

அரைக் கோப்பை, அதாவது ஏறக்குறைய 100 மில்லிலீட்டர் தண்ணீரை இளஞ்சூடாக்கி 220 கிராம் வெள்ளைச் சீனியைப் போட்டுக் கரையுங்கள். இரவு முழுதும் மூடி வையுங்கள். காலையில் அடியில் கொஞ்சம் சீனி கரையாமல் நிற்க வேண்டும். அப்படி நின்றால் மேலே உள்ள தெளிவான பாணி இனிமேல் சீனியைக் கரைக்காது, அதற்குள் இடமில்லை. ஒன்றும் நிற்கவில்லை என்றால் இன்னும் இரண்டு கரண்டி சீனி போட்டுக் காத்திருங்கள், அவசரப்பட்டால் சோதனை கெட்டுவிடும். இந்தத் தெளிவில் மூன்று மேசைக்கரண்டி எடுத்து, ஒரு மேசைக்கரண்டி சிவப்புச் சீனியோடு சேர்த்து ஒரு நிமிடம் மெதுவாய்க் கிளறித் தேத்தண்ணி வடியில் வடிக்க வேண்டும். இதையே புதிய பாணியில் இன்னும் இரண்டு தடவை செய்யுங்கள். பரல் கரையாது, மேலேயிருந்த பாகு மட்டும் கழன்று பாணியோடு போகும்.

நான் பொலித்தீன் பக்கெட்டில் இருந்த உள்ளூர்ச் சீனியில் செய்தபோது, முதல் வடியில் பாணி நல்ல தேன் நிறமாய் வந்தது, மூன்றாவதில் கிட்டத்தட்டத் தெளிவு. வடியில் மிஞ்சின பரலை வெள்ளைக் கடதாசியில் பரப்பி, பக்கத்தில் வெள்ளைச் சீனியை வைத்தால் வித்தியாசம் தெரிந்தது. மேலே கழுவினபிறகும் பரல் பழைய பித்தளை போல ஒரு மங்கின மஞ்சளில் நின்றது, ஏனென்றால் பரல் வளரும்போது கொஞ்சம் நிறம் உள்ளேயும் அடைபட்டுவிடுகிறது. கேக்குக்கு வைத்திருந்த பூசின பிரவுன் சீனியில் மூன்றாவது வடிக்குப் பிறகு மிஞ்சினது பளிச்சென்ற வெள்ளை. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. நன்றாய்ச் சுழற்றிக் கழுவின வெளிறின ரோ சுகரும் இப்படிக் கிட்டத்தட்ட வெள்ளையாய் வரலாம், அப்போது இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது. மெல்லிய பரல் வடியின் ஓட்டையாலேயே போய்விடும். நாட்டுச் சர்க்கரையில் செய்தால் சேறு போல ஆகும், கழுவி எடுக்க அங்கே தனிப் பரல் இல்லை.

இவ்வளவு சிரமப்பட விருப்பமில்லை என்றால் பக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கத்தில் இருக்கிற ‘இயற்கை’, ‘பாரம்பரிய’ போன்ற சொற்களை அப்படியே தாண்டிவிடலாம். சேர்மானப் பட்டியலில் ஒரே ஒரு பெயர், கரும்புச் சீனி என்று மட்டும் இருந்தால் அது பூசாதது. சீனி, மொலாசிஸ் என்று இரண்டு பெயர் இருந்தால் அது பூசினது. 150 என்ற எண்ணோ கரமல் என்ற சொல்லோ இருந்தால் நிறமூட்டி. 220 என்ற எண் கந்தகவீரொட்சைட்டு, நிறம் வெளுக்கப் பயன்படுவது. சேர்மானம் எப்போதும் அதிகமானது முதலில் வருகிற மாதிரித்தான் எழுதப்படும், ஆகவே எந்தப் பெயர் முன்னுக்கு நிற்கிறது என்பதும் ஒரு செய்தி.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் தங்கச்சியின் நான்காவது படம். போத்தலின் முன்னால் பெரிய எழுத்தில் பனைச் சீனி, பக்கத்தில் ஒரு மரத்தின் படம். பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தால் முதல் பெயர் கரும்புச் சீனி, இரண்டாவதாகத்தான் தென்னம்பாணி. பனையே இல்லை. முன்பக்கத்தில் இருக்கிற ‘பாம் சுகர்’ என்ற ஆங்கிலச் சொல் பொதுவாய் எந்தப் பனை இனத்து மரத்துக்கும் பொருந்தும் என்பதால் பெயரிலும் பொய் சொன்னதாகாது. பனை, கித்துள், தென்னை, ஈச்சை நான்கின் சாறும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். தமிழில் மொழிபெயர்த்தவர் அதைப் பனை என்று போட்டுவிட்டார்.

உண்மையான பனங்கட்டி வருகிற வழி வேறு. பாளையைச் சீவி முட்டியைக் கட்டுவார்கள், முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருக்கும். அது இல்லாவிட்டால் சாறு சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். அந்த இனிப்புச் சாற்றைத்தான் யாழ்ப்பாணத்தில் கருப்பணி என்போம். அதை வற்றக் காய்ச்சிப் பனையோலைக் குட்டானில் ஊற்றினால் பனங்கட்டி. கித்துளிலும் இதே மாதிரித்தான், பாணியாகவும் எடுக்கலாம், இன்னும் வற்ற வைத்துக் கட்டியாகவும் எடுக்கலாம். இரண்டிலும் சுழற்றிப் பிரிக்கிற வேலை இல்லை என்பதால் பாகெல்லாம் உள்ளேயே இருக்கிறது, அந்த மரத்துக்கே உரிய மணமும் இருக்கிறது. கித்துளின் புகை மணமும் பனையின் அந்த மண் கலந்த இனிப்பும் நாக்குக்கு நன்றாய்த் தெரிகிற வித்தியாசங்கள், இதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

ஆனால் மரத்தில் ஏறிச் சாறு எடுக்கிற வேலைக்கு ஆள் குறைவு, விலை அதிகம், அதனால் காய்ச்சும்போதே சீனி கலப்பது இந்தத் தொழிலில் பழைய தொல்லை. இதைப் படத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. வீட்டில் கண்டுபிடிக்க நம்பகமான சோதனையும் இல்லை, உடைத்துப் பார்த்துப் பளபளக்கிற பரல் தெரிந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். பரிசோதனைக்கூடத்தில் பிடித்துவிடலாம், அதற்கு ஓர் அழகான காரணம் இருக்கிறது. கரும்பு காற்றிலிருந்து காபனை எடுக்கிற முறையும் பனை, கித்துள், தென்னை எடுக்கிற முறையும் வேறு வேறு. அதனால் சீனிக்குள் போய்ச் சேர்கிற கனமான காபன் அணுக்களின் விகிதம் கரும்பில் ஒரு மாதிரி, மரச் சாற்றில் இன்னொரு மாதிரி. கரும்புச் சீனியை எவ்வளவு காய்ச்சிக் கலந்தாலும் அந்த அடையாளம் அழியாது. தேனில் சீனி கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதே முறையில்தான். நமக்கு அந்த வசதி இல்லாதபடியால், கித்துள் பக்கெட்டின் விலை சீனியின் விலைக்கு அருகில் நின்றால் உள்ளே பெரும்பாலும் சீனிதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் நிறம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நம் கண் விரும்புவதும் நல்லதும் எதிரெதிர். படத்தில் பொன் மஞ்சளாய் மின்னுகிற நாட்டுச் சர்க்கரைதான் அழகு. ஆனால் பாகு முழுதும் உள்ளே இருக்கிற ஒன்று இயல்பாய் அப்படி மின்னாது, கடும் மண்நிறமாகத்தான் வரும். கரும்பின் வகையும் மண்ணும் கொஞ்சம் நிறத்தை மாற்றும், உண்மை. என்றாலும் எலுமிச்சை மஞ்சளுக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் காய்ச்சும்போது ஹைட்ரோஸ் என்ற வெளுக்கிற இரசாயனம் போட்டிருப்பார்கள், அதன் மிச்சம் கந்தகவீரொட்சைட்டாக நிற்கும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. வெள்ளைச் சீனியிலும் சில ஆலைகள் கந்தகம் காட்டித்தான் நிறம் எடுக்கின்றன, கோடெக்ஸ் நியமம் சாதாரண வெள்ளைச் சீனியில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரையும், ஆலையிலேயே நேரே வெள்ளையாக்கினதில் 70 மில்லிகிராம் வரையும் அனுமதிக்கிறது. ஆக, இரசாயனம் வேண்டாம் என்று வெள்ளையை விட்டு ஓடி மின்னுகிற மஞ்சள் சர்க்கரையில் போய் விழுந்தால் ஓடினதில் பயன் இல்லை. தங்கச்சியின் ஐந்தாவது படம் அந்த மின்னுகிற மஞ்சள்தான், வாங்காதே என்று சொல்லிவிட்டேன்.

இனி உண்மையான கேள்வி, அம்மாவின் தேத்தண்ணி. வெள்ளைச் சீனியில் சுக்குரோசு 99.7 வீதத்துக்குக் குறையக் கூடாது. உள்ளூர்ச் சிவப்பிலும் ரோ சுகரிலும் அது 97, 98 அளவில் நிற்கும். நாட்டுச் சர்க்கரையில் ஈரமும் தாதுவும் போக எல்லாச் சீனியும் சேர்ந்து ஏறக்குறைய 90. குடலுக்குள் போன சுக்குரோசு குளுக்கோசாகவும் புரக்டோசாகவும் உடைகிறது, அது எந்த நிறப் பையிலிருந்து வந்தது என்று இரத்தத்துக்குத் தெரியாது.

முன்பெல்லாம் அம்மா ஒரு நாளைக்கு மூன்று தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் தட்டின இரண்டு தேக்கரண்டி வெள்ளைச் சீனி போடுவா. ஒரு தேக்கரண்டி 4 கிராம், நாளுக்கு 24 கிராம். நாட்டுச் சர்க்கரைக்கு மாறினால் அதே இனிப்பு வராது, நாக்குக் கேட்கும், கை இன்னும் கொஞ்சம் போடும். கோப்பைக்கு 10 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 30 கிராம், அதில் 90 வீதம் சீனி, அதாவது 27 கிராம். மாறினதால் சீனி குறையவில்லை, மூன்று கிராம் கூடிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல், நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இப்படித் தனியாகச் சேர்க்கிற சீனி 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25க்குக் கீழே என்று சொல்கிறது. சிவப்பு, பனை, கித்துள், தேன் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான் வரும். அம்மா சாப்பிடுவது 1500 கலோரி என்றால் அந்தக் கீழ் அளவு ஏறக்குறைய 19 கிராம். பிஸ்கட், பழரசம் இன்னும் சேர்க்கவே இல்லை.

இரும்பும் கல்சியமும் இருக்கிறதே என்று கேட்பாள் என்று தெரியும், கேட்டாள். இருக்கிறது. பூசின பிரவுன் சீனி 100 கிராமில் கல்சியம் ஏறக்குறைய 80 மில்லிகிராம். அம்மா போடுகிற 24 கிராமில் அது 20 மில்லிகிராமும் இல்லை. ஒரு கிளாஸ் பாலில் 240 அளவில் இருக்கிறது. நாட்டுச் சர்க்கரை பக்கெட்டில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் இரும்பு என்று போட்டிருந்தால், 30 கிராமில் 3 மில்லிகிராம் வரும், அது கேட்க நல்ல அளவுதான். ஆனால் அதைத் தேத்தண்ணியோடு குடிக்கிறோம், தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இந்த வகை இரும்பைப் பிடித்து வைத்து உடம்புக்குள் சேரவிடாமல் தடுக்கிறது. பிளேன்டீயோடு கருப்பட்டியைக் கடித்துக் குடிக்கிற பழக்கம் எனக்கும் மிகவும் பிடிக்கும், அந்தச் சுவைக்கு ஈடில்லை, ஆனால் இரத்தத்துக்கு நல்லது என்று சொல்லி அதை அம்மாவுக்குக் கொடுக்க மாட்டேன்.

“அப்ப நான் என்ன வாங்க?” என்று தங்கச்சி கேட்டாள். அம்மாவின் தேத்தண்ணிக்கு இந்த ஐந்தில் எதுவும் மருந்தில்லை, இருக்கிற வெள்ளையையே போடு, ஆனால் கண்ணால் போடாமல் தட்டின ஒரு தேக்கரண்டியாக அளந்து போடு, கொஞ்ச நாளில் அரையாக்கு, கிளினிக் போகும்போது அந்த அளவைச் சொல்லு என்றேன். மூன்று தேத்தண்ணிக்கும் ஒவ்வொரு கரண்டி என்றால் 12 கிராம், முன்பிருந்ததில் பாதி. கேக்குக்கு மெத்தென்ற பிரவுன், அதைக் காற்றுப் புகாத போத்தலில் வைக்காவிட்டால் பாகுப் படலம் காய்ந்து கல்லாகிவிடும். பொங்கலுக்குக் கறுத்த சர்க்கரை. அதைக் கொதிக்கிற பாலில் நேரே போடாதே, சர்க்கரையில் உள்ள புளிப்பும் உப்புகளும் பாலைத் திரைய வைத்துவிடும், தனியாகக் கரைத்து வடித்து, அடுப்பைக் குறைத்தபிறகு ஊற்று.

நேற்று இன்னொரு படம் வந்தது. சூப்பர்மார்க்கெட் தட்டில் வைத்து எடுத்த ஒரு பக்கெட், இந்தமுறை பின்பக்கம் மட்டும், பக்கத்தில் 5 ரூபாய்க் குற்றி ஒன்று. கீழே எழுதியிருந்தாள், “சேர்மானத்தில ஒரே ஒரு பெயர்தான் இருக்கு. ஆனா விலை மூண்டு மடங்கு.” வைத்துவிட்டு வா என்று பதில் அனுப்பினேன்.